அம்மாவின் டிஸ்சார்ஜ் குளறுபடி: லண்டன் வைத்தியசாலைக்குத் தமிழில் முறைப்பாட்டுக் கடிதம்

சுதன்_ஹரோ:
அம்மாவின் சார்பில் ஒரு லண்டன் வைத்தியசாலைக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழிலேயே எழுத வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். தான் வாசித்துச் சரி சொன்ன கடிதம்தான் போக வேண்டும் என்கிறா. நடந்தது இதுதான்.

அம்மாவுக்கு 76 வயது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்புக்காகப் பல வருடமாக, இரத்தம் உறையாமல் தடுக்கும் வாபரின் எடுத்துவந்தா. 5 மில்லிகிராம் குளிசை, பின்னேரம் 6 மணிக்கு ஒன்று. 2025 மார்ச் 8ஆம் தேதி நிமோனியாவோடு அனுமதித்தார்கள். வார்டில் வாபரினை நிறுத்தி, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 2க்குக் கீழே இறங்கியபிறகு, அதே வேலைக்கான அபிக்ஸபான் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு விட்டார்கள். வாபரின் இனி வேண்டாம் என்று அம்மாவுக்கு விளங்கும்படி யாரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் லவுஞ்சில் ஒரு தாதி ஆங்கிலத்தில் சொன்னாராம். அங்கே துப்புரவு வேலை செய்த ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு வசனம் சொல்லச் சொன்னார்களாம். அந்தப் பிள்ளை "புதுக் குளிசை காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்று மட்டும் சொல்லியிருக்கிறா. அம்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டா.

வீட்டில் இரண்டையும் எடுத்திருக்கிறா. 20ஆம் தேதி காலை முரசில் இரத்தம், மலம் கறுப்பு. திரும்ப அதே வைத்தியசாலை. வைட்டமின் கே கொடுத்து இரண்டு இரவு வைத்திருந்தார்கள். இப்போது அபிக்ஸபான் மட்டும் எடுக்கிறா, நலம்.

என் வரைவின் தொடக்கம்:

"ஐயா/அம்மணி, உங்கள் வைத்தியசாலையின் பொறுப்பற்ற நடத்தையால் என் தாயார் மரணத்தின் வாசல் வரை சென்று வந்துள்ளார். எங்கள் மொழி தெரியாது என்பதற்காக எங்களை மனிதர்களாகவே மதிக்கவில்லை. தவறான அளவில் மருந்து கொடுத்துள்ளீர்கள். இதற்குக் காரணமான தாதி மீது உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும்..."

இப்படியே இரண்டு பக்கம் போகிறது. எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்?

குணா_ஈஸ்ட்ஹாம்:
தம்பி, அளவு பிழை என்ற வரியை விடாதே, அதுதான் உன் பலம். அம்மாவின் எடை எவ்வளவு? 60 கிலோவுக்குக் கீழே என்றால் அபிக்ஸபான் 2.5தான் கொடுக்க வேண்டும், 5 கொடுக்கக் கூடாது. அதோடு வைத்தியசாலைக்கு எழுதி மினக்கெடாமல், மேலிருந்து முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனுக்கு நேரே அனுப்பு. அவைக்குத்தான் பயம் வரும்.

சுதன்_ஹரோ:
எடை 58 கிலோ, அண்ணா. அப்படியென்றால் 5 கொடுத்தது பிழையா?

மருந்தாளர்_வாசுகி:
இல்லை சுதன். அந்த வரியை எடுத்துவிடுங்கோ. குணா அண்ணா சொல்வதில் பாதி சரி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு 2.5க்குக் குறைக்க மூன்று விஷயம் பார்ப்போம். வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 133 அல்லது மேல். இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் குறைப்பது. அம்மாவுக்கு 76 வயது, எடை 58. கிரியேட்டினின் கூடியிருக்கவில்லை என்றால் ஒன்றுதான் பொருந்துகிறது. ஆகவே 5 மில்லிகிராம் இரண்டு வேளை சரியான அளவு. கிட்னி மிகவும் பலவீனமானவர்களுக்கு வேறு கணக்கு உண்டு, அந்த எண் டிஸ்சார்ஜ் கடிதத்திலேயே இருக்கும், பாருங்கோ.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடிதத்தில் பிழையான குற்றச்சாட்டு ஒன்று இருந்தால் பதில் எழுதுகிறவர் அதற்குத்தான் முதலில் பதில் எழுதுவார். "அளவு வழிகாட்டலின்படி சரியாக இருந்தது" என்று ஒரு பக்கம் வரும், உண்மையான பிழை கடைசி மூன்று வரியில் அடிபட்டுப் போகும். உங்கள் விஷயத்தில் மருந்தும் சரி, அளவும் சரி, வார்டில் மாற்றிய முறையும் சரி. பிழைத்தது பழைய மருந்து நின்றுவிட்டது என்ற தகவல். அது அம்மாவுக்கும் போகவில்லை, வேறு யாருக்கோவும் போகவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒன்று கேட்கிறேன்: 14ஆம் தேதிக்குப் பிறகு அம்மா எடுத்த வாபரின் எங்கிருந்து வந்தது? வீட்டில் இருந்த பழைய பெட்டியா?

சுதன்_ஹரோ:
முதல் மூன்று நாள் பழைய அட்டையில் மிச்சம் இருந்தது. 17ஆம் தேதி திங்கட்கிழமை ஃபார்மசிக்காரர் வழக்கம்போல் புதுப் பெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். 28 குளிசை. இப்போது 25 இருக்கிறது. அபிக்ஸபான் வைத்தியசாலை கொடுத்த 28இல் அனுமதிக்கும்போது 16 மிச்சம்.

மருந்தாளர்_வாசுகி:
இந்த எண்ணிக்கைதான் உங்கள் சாட்சி. அபிக்ஸபானைக் கணக்குப் பாருங்கோ. 14ஆம் தேதி இரவு ஒன்று, 15 முதல் 19 வரை நாளுக்கு இரண்டாகப் பத்து, 20 காலை ஒன்று. மொத்தம் 12. 28இல் 12 போனால் 16. அம்மா புதுக் குளிசையைச் சொன்னபடி ஒன்றும் பிசகாமல் எடுத்திருக்கிறா. வாபரின் 17, 18, 19 மூன்று பின்னேரம், 28இல் 25 மிச்சம். அதுவும் பிசகவில்லை. "நோயாளி அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை" என்று அவர்கள் எழுத இடமே இல்லை. தனக்குச் சொன்னதை எல்லாம் அம்மா அப்படியே செய்திருக்கிறா, சொல்லாததைத்தான் செய்யவில்லை.

இரண்டு பெட்டியையும் லேபிள் தெரியப் படம் எடுங்கோ. பெயர், கொடுத்த தேதி, எண்ணிக்கை மூன்றும் அதில் இருக்க வேணும். அட்டைகளை வெளியே எடுத்துத் தனியாக ஒரு படம். படம் எடுத்தபிறகு மிச்ச வாபரினை ஃபார்மசியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கோ, வீட்டில் வைக்காதீங்கோ.

இன்னொன்று. இந்த நாட்டில் வாபரின் 5 மில்லிகிராம் குளிசை இளஞ்சிவப்பு. அபிக்ஸபான் 5 மில்லிகிராமும் பெரும்பாலும் இளஞ்சிவப்புத்தான். ஒன்று வட்டம், மற்றது நீள்வட்டம். இரண்டு பெட்டியிலும் "5" என்று போட்டிருக்கும். ஆங்கிலம் வாசிக்காத ஒருவருக்கு இவை ஒரே மருந்து இரண்டு கடையிலிருந்து வந்ததுபோலத் தெரிவதில் வியப்பில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக் கடிதத்தோடு இணையுங்கோ. இரண்டு பக்கம் எழுதுவதைவிட அது விளங்கும்.

செந்தில்_குரோய்டன்:
எவ்வளவு நஷ்டஈடு கேட்கலாம்னு யாரும் சொல்லலையே? ரத்தக் கசிவு, ரெண்டு நாள் அட்மிஷன். வக்கீலைப் பிடிச்சா நல்லா வரும். கடிதத்துலயே தொகையைப் போட்டுடுங்க.

யசோ:
செந்தில், சுதன் கேட்டது முறைப்பாட்டுக் கடிதம் பற்றி. நஷ்டஈட்டு வழக்கு வேறு பாதை. அதற்குப் பொதுவாக மூன்று வருடம் காலம் இருக்கிறது, வழக்கறிஞர் தனியாகப் பார்ப்பார். முறைப்பாட்டுக் கடிதத்தின் முகப்பில் தொகை போட்டால் பதில் எழுதுவது வார்டு அல்ல, சட்டப் பிரிவு சொல்லிக்கொடுத்த வசனங்கள். நடந்ததை அறிய வேண்டும் என்றால் அது உதவாது.

நான் மொழிபெயர்ப்பு வேலையிலும், பின்பு முறைப்பாட்டு ஆலோசனையிலும் இருப்பதால் நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் இதற்கென்று 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. சம்பவம் நடந்தோ, அது தெரியவந்தோ 12 மாதத்துக்குள் முறையிட வேண்டும். கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் அவர்கள் ஒப்புகை அனுப்ப வேண்டும். அப்போது எப்படி விசாரிப்பது, எவ்வளவு காலம் எடுக்கும் என்று உங்களோடு பேச முன்வர வேண்டும். ஆறு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும். ஒம்புட்ஸ்மன் அதற்குப் பிறகுதான். வைத்தியசாலையின் இறுதிப் பதில் இல்லாமல் போனால் "முதலில் அங்கே கேளுங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். குணா அண்ணா சொன்னதுபோல் நேரே போனால் சில வாரம் வீணாகும், அவ்வளவுதான். இதில் இன்னொரு குழப்பமும் வரும். சிலர் சீகியூசிக்கு அனுப்புவார்கள். அது வைத்தியசாலைகளைப் பரிசோதிக்கும் அமைப்பு, தனி ஆளின் முறைப்பாட்டைத் தீர்த்து வைக்காது.

தமிழில் எழுதலாமா என்றால் எழுதலாம். மொழிபெயர்க்கும் ஒழுங்கை வைத்தியசாலையிடம் கேட்கலாம். ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். அனுப்பும் கடிதத்தில் மருந்துப் பெயரைப் பெட்டியில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் போடுங்கள், தமிழ் எழுத்தில் போட்டால் மொழிபெயர்ப்பவர் ஊகிக்க வேண்டிவரும். நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுங்கள். தலைப்பில் அம்மாவின் முழுப்பெயர், பிறந்த தேதி, பத்து இலக்க என்எச்எஸ் எண், வைத்தியசாலை எண் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். கடிதத்தைத் திறக்கும் அலுவலருக்குத் தமிழ் தெரியாது. அந்த நாலு வரியை வைத்துத்தான் கோப்பைத் தேடுவார். மேலே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம்: இது முறைப்பாடு, தமிழில் உள்ளது, பதிலும் தமிழில் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முந்தியது அம்மாவின் சம்மதம். அவ நிதானமாக இருக்கிறா, தானே முடிவெடுக்கக்கூடியவ. ஆகவே மகன் எழுதினால் அவவின் கையெழுத்து வேண்டும். சம்மதம் இல்லாமல் போனால் "நோயாளியின் விபரங்களைப் பேச முடியாது" என்று ஒரு படிவம் திரும்பி வரும். கடிதத்தின் கடைசியில் "என் மகன் என் சார்பில் முறையிடவும் என் மருத்துவத் தகவலைப் பெறவும் சம்மதிக்கிறேன்" என்று எழுதி அம்மா கையெழுத்தும் தேதியும் போட்டால் தொடக்கத்துக்குப் போதும். அவர்களுடைய படிவத்தைப் பிறகு கேட்டால் அதையும் நிரப்பலாம்.

ரொறன்ரோ_ஐங்கரன்:
இங்கே ஒன்ராறியோவில் அப்பாவுக்கு இன்சுலினில் இதேபோல் நடந்தது. முதலில் வைத்தியசாலையின் பேஷண்ட் ரிலேஷன்ஸ், அங்கே சரிவராவிட்டால் மாகாணத்தின் பேஷண்ட் ஒம்புட்ஸ்மன். நாங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதினோம். சுதன், தமிழில் மட்டும் அனுப்பினால் ஓரமாகப் போட்டுவிடுவார்கள். இரண்டு மொழியிலும் அனுப்புங்கோ.

யசோ:
ஐங்கரன், இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இரண்டும் போனால் அவர்கள் ஆங்கிலத்தை மட்டும்தான் வாசிப்பார்கள். பிறகு தமிழில் அம்மா சொன்ன ஒரு விபரம் ஆங்கிலத்தில் விடுபட்டிருந்தால் பதிலிலும் விடுபடும். அதோடு மொழியால் வந்த பிழையைப் பற்றிய முறைப்பாடு இது. அதை மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கையாளும் பொறுப்பு அவர்களுடையது என்பது இங்கே விஷயத்தோடு ஒட்டியது. ஆனால் அவசரமாகப் பதில் வேண்டியவர்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். மொழிபெயர்ப்புக்குப் போய்வர நாள் எடுக்கும்.

மருந்தாளர்_வாசுகி:
திங்கட்கிழமை வந்த அந்த வாபரின் பெட்டிக்குத் திரும்ப வருகிறேன். வைத்தியசாலையோடு இந்தப் பிழை முடியவில்லை.

டிஸ்சார்ஜ் கடிதம் 24 மணித்தியாலத்துக்குள் குடும்ப வைத்தியரான ஜிபிக்குப் போக வேண்டும் என்பது என்எச்எஸ் ஒப்பந்தத்தில் உள்ள விஷயம். போயிருந்தாலும் ஜிபி அலுவலகத்தில் ஒருவர் அதை வாசித்து மாதாந்த மருந்துப் பட்டியலிலிருந்து வாபரினை எடுக்க வேண்டும். வெள்ளி மாலை வந்த கடிதத்தைத் திங்கட்கிழமை காலைக்குள் யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அதற்குள் ஃபார்மசி ஏற்கெனவே கட்டிவைத்த பெட்டியை அனுப்பிவிட்டது. இந்த இடைவெளிக்காகவே 2021 பெப்ரவரியிலிருந்து ஒரு ஒழுங்கு இருக்கிறது. டிஸ்சார்ஜ் மெடிசின்ஸ் சர்வீஸ் என்று பெயர். வைத்தியசாலை நேரே நோயாளியின் ஃபார்மசிக்குக் கணினி வழியாகத் தகவல் அனுப்பும், இன்ன மருந்து நின்றது, இன்னது தொடங்கியது என்று. அது வந்திருந்தால் ஃபார்மசி அந்தப் பெட்டியை நிறுத்தியிருக்கும். வாபரினிலிருந்து வேறு மருந்துக்கு மாறுகிற 76 வயதுக்காரர் இதற்கு மிகப் பொருத்தமான ஆள்.

ஆகவே கடிதத்தில் கட்டாயம் கேளுங்கோ: அம்மாவின் ஃபார்மசிக்கு அந்தத் தகவல் அனுப்பப்பட்டதா, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு? இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது. அனுப்பியிருந்தால் பதிவு இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. அதேபோல் அம்மாவின் ஐஎன்ஆர் பார்க்கும் கிளினிக்குக்கும் அறிவித்தார்களா என்று கேளுங்கோ. அம்மா 14க்குப் பிறகும் அவர்களுடைய பட்டியலில் இருந்திருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

ஒன்றைத் தவிர்த்துவிடுங்கோ. திரும்ப அனுமதித்தபோது ஐஎன்ஆர் எவ்வளவு?

சுதன்_ஹரோ:
3.6 என்று கடிதத்தில் இருக்கிறது. அதைத் தடித்த எழுத்தில் போட நினைத்திருந்தேன்.

மருந்தாளர்_வாசுகி:
எண்ணை எழுதுங்கோ, அதன்மேல் வாதம் கட்டாதீங்கோ. அபிக்ஸபானே ஐஎன்ஆரைக் கொஞ்சம் அசைக்கும், நுரையீரல் தொற்றுக்குக் கொடுத்த அன்டிபயோட்டிக்கும் அசைத்திருக்கலாம். அந்த எண் தனியே நின்று எதையும் நிரூபிக்காது. குளிசை எண்ணிக்கை நிரூபிக்கும்.

குணா_ஈஸ்ட்ஹாம்:
அப்போ ஜிபி மீதும் ஃபார்மசி மீதும் சேர்த்தே எழுதலாமே?

யசோ:
ஒரே கடிதத்தில் சேர்க்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட இடம் சம்பந்தப்பட்டால் அவை ஒன்றோடொன்று ஒத்துழைத்து ஒரே பதிலாகத் தர வேண்டும் என்று அதே விதிகளில் இருக்கிறது. ஆனால் ஜிபி அலுவலகத்தின் பிழைக்கு வைத்தியசாலை தானாகப் பதில் சொல்லாது. சம்மதப் படிவத்தில் ஜிபியின் பெயரையும் ஃபார்மசியின் பெயரையும் போட்டால்தான் அவர்களோடு பேச முடியும். தனியாக ஜிபியைப் பற்றி முறையிட வேண்டுமென்றால் அந்த அலுவலகத்துக்கே எழுதலாம், அல்லது உங்கள் பகுதியின் என்எச்எஸ் சேவைகளைப் பொறுப்பேற்று நடத்தும் ஐசிபி என்ற சபைக்கு. 2023 ஜூலைக்கு முன் என்எச்எஸ் இங்கிலாந்துக்குப் போனவை இப்போது ஐசிபிக்குத்தான் போகின்றன. பழைய முகவரியைப் பார்த்து அனுப்பாதீர்கள்.

என் எண்ணம்: முதல் கடிதம் வைத்தியசாலைக்கு மட்டும் போகட்டும். ஃபார்மசிக்குத் தகவல் போகவில்லை என்று பதில் வந்தால் ஃபார்மசி மீது ஒன்றுமில்லை. போயும் அவர்கள் பெட்டியை அனுப்பியிருந்தால் அப்போது எழுதலாம். வாசுகி வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

மருந்தாளர்_வாசுகி:
சொல்வேன். பதில் வர மாதக்கணக்காகும். அதற்குள் ஜிபி பட்டியலில் வாபரின் இன்னும் இருந்தால் அடுத்த பெட்டியும் வரும். முறைப்பாடு எப்படியோ போகட்டும், சுதன், நாளைக்கே ஜிபிக்குப் போன் பண்ணி வாபரின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டதா என்று கேளுங்கோ. என்எச்எஸ் ஆப்பில் அம்மாவின் மருந்துப் பட்டியலைத் திறந்தாலும் தெரியும்.

சுதன்_ஹரோ:
இப்போதே ஆப்பில் பார்த்தேன். வாபரின் இன்னும் இருக்கிறது! காலையில் முதல் வேலை அதுதான். இருவருக்கும் நன்றி.

திருத்திய கடிதம் இதோ. யசோ அக்கா சொன்ன தலைப்பு விபரங்களும் ஆங்கிலப் பெயர்களும் அனுப்பும் பிரதியில் வரும். இங்கே வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே விட்டிருக்கிறேன்.

"முறைப்பாட்டுப் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு,

நான் மேலே குறிப்பிட்ட நோயாளியின் மகன். அவருடைய கையெழுத்திட்ட சம்மதம் இறுதிப் பக்கத்தில் உள்ளது. என் தாயார் தமிழ் பேசுபவர், ஆங்கிலம் வாசிக்கமாட்டார். அனுமதிப் படிவத்தில் அவருடைய மொழி தமிழ் என்று பதியப்பட்டுள்ளது.

2025 மார்ச் 8 முதல் 14 வரை அவர் உங்கள் வார்டில் இருந்தபோது வாபரின் நிறுத்தப்பட்டு அபிக்ஸபான் 5 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை தொடங்கப்பட்டது. இந்த மருத்துவ முடிவைப் பற்றியோ மருந்தின் அளவைப் பற்றியோ நான் முறையிடவில்லை. வாபரின் நிறுத்தப்பட்டது என்ற தகவல் என் தாயாருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதே என் முறைப்பாடு.

மார்ச் 14 அன்று 17:30 அளவில் டிஸ்சார்ஜ் லவுஞ்சில் ஒரு தாதி ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்தார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் நேரிலோ தொலைபேசியிலோ அழைக்கப்படவில்லை. அங்கிருந்த ஒரு துப்புரவுப் பணியாளரிடம் மொழிபெயர்க்கக் கேட்கப்பட்டது. புதிய குளிசையைக் காலையும் இரவும் எடுக்கும்படி அவர் சொன்னார். பழைய குளிசையைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. டிஸ்சார்ஜ் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் வாபரின் நிறுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் உள்ளது. அந்தக் கடிதம் மருந்துப் பைக்குள் ஒட்டிய உறையில் கொடுக்கப்பட்டது.

மார்ச் 14 முதல் 19 வரை ஆறு மாலைகள் என் தாயார் இரண்டு மருந்துகளையும் எடுத்தார். மார்ச் 17 அன்று ஃபார்மசி வழமைபோல் வாபரின் வழங்கியது. குளிசை எண்ணிக்கைகளும் படங்களும் இணைப்பில் உள்ளன. மார்ச் 20 காலை முரசில் இரத்தக் கசிவும் கறுப்பு மலமும் ஏற்பட்டு உங்கள் வைத்தியசாலையில் மீண்டும் அனுமதிக்கப்பட்டு இரண்டு இரவு தங்கினார்.

பின்வருவனவற்றுக்குத் தனித்தனியே பதில் வேண்டுகிறேன். மார்ச் 8 முதல் 14 வரை என் தாயாருக்காக மொழிபெயர்ப்பாளர் எப்போதாவது பதிவு செய்யப்பட்டாரா, எந்தத் தேதியில், எவ்வளவு நேரம்? வாபரின் நிறுத்தப்பட்டதை அவர் புரிந்துகொண்டார் என்று எவர், எப்படி உறுதி செய்தார், அது எங்கே பதியப்பட்டுள்ளது? டிஸ்சார்ஜ் கடிதம் ஜிபிக்கு எப்போது அனுப்பப்பட்டது? ஃபார்மசிக்கும் ஐஎன்ஆர் கிளினிக்குக்கும் தகவல் அனுப்பப்பட்டதா, எப்போது?

எழுத்தில் விளக்கமும் மன்னிப்பும் வேண்டுகிறேன். ஆங்கிலம் தெரியாத நோயாளிக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து மாற்றப்படும்போது டிஸ்சார்ஜுக்கு முன் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் என்று உங்கள் வார்டுகளில் நடைமுறை உள்ளதா, இல்லையெனில் எப்போது வரும் என்றும் அறிய விரும்புகிறேன்."

அம்மா வாசித்தா. அந்தத் துப்புரவுப் பிள்ளைக்கு ஏதும் பிரச்சினை வரக்கூடாது, அவ உதவி செய்ய வந்தவ என்று கவலைப்படுகிறா.

யசோ:
அம்மா கவலைப்படுவது நியாயம். பணியாளரின் பெயர் தெரிந்தாலும் எழுதாதீர்கள். "அவர் நல்லெண்ணத்தோடு உதவினார், அவர்மேல் எங்களுக்கு முறைப்பாடு இல்லை" என்று ஒரு வரி சேருங்கள்.

தாதியின் பெயரைக் கேட்பதையும் நான் தவிர்ப்பேன். ஒருவரை நோக்கி எழுதினால் அவர் சொன்னது, அவர் நினைவில் இருப்பது என்று விசாரணை சுருங்கும். மொழிபெயர்ப்புப் பதிவேட்டை நோக்கி எழுதினால் பதிவேடு பேசும். தொலைபேசி மொழிபெயர்ப்பு நடந்திருந்தால் மொழிபெயர்ப்பாளரின் அடையாள எண்ணும் அழைப்பு நேரமும் பெரும்பாலும் நோயாளிக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் அழைப்பே நடக்கவில்லை என்று கொள்ளலாம்.

"கையெழுத்திட்ட டிஸ்சார்ஜ் செக்லிஸ்ட்டின் பிரதி வேண்டும்" என்றும் சேருங்கள். அதில் "மருந்துகள் விளக்கப்பட்டன" என்ற கட்டத்தில் டிக் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் பற்றிய கட்டம் வெறுமையாக இருந்தால் அந்தத் தாள் ஒன்றே போதும். கடிதத்தோடு சேர்த்து, தனிப் பக்கத்தில், அம்மாவின் முழு மருத்துவப் பதிவுகளையும் கேளுங்கள். வார்டுக் குறிப்பு, மருந்துச் சார்ட் எல்லாம் அடங்கும். கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். முறைப்பாட்டுப் பதிலுக்காகக் காத்திருக்காமல் பதிவுகள் முதலில் கையில் வந்தால், பதிலில் எழுதியிருப்பது பதிவோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

குணா_ஈஸ்ட்ஹாம்:
தாதியின் பெயர் வேண்டும் என்றுதான் நான் இன்னும் சொல்வேன். யாரும் பொறுப்பில்லை என்றால் யாரும் திருந்த மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட ஒரு போன் எடுத்தால் போதும், அதை எடுக்காதது ஒரு ஆள்.

யசோ:
விசாரணையில் அவரிடமும் வாக்குமூலம் வாங்குவார்கள், அண்ணா. அது அவர்களுடைய வேலை.

இன்னும் ஒன்று விடுபட்டிருக்கிறது. வைத்தியசாலையில் நடந்த பிழையால் நோயாளி திட்டமிடாமல் மீண்டும் அனுமதிக்கப்பட்டுக் கணிசமான தீங்கு நேர்ந்தால், அதை அவர்களாகவே நோயாளியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டு எழுத்தில் தர வேண்டும். டியூட்டி ஆஃப் கேண்டர் என்பார்கள், 2014ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் 20ஆவது. மார்ச் 20 முதல் 22 வரை யாராவது அம்மாவிடம் "இது எங்கள் பக்கத்துப் பிழையாக இருக்கலாம்" என்று சொன்னார்களா?

சுதன்_ஹரோ:
இல்லை. "மருந்து கலந்துவிட்டது" என்று மட்டும் வைத்தியர் சொன்னார். தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் அன்று இருந்தார்.

யசோ:
அப்போ ஒரு கேள்வி கூட்டுங்கள்: "மார்ச் 20 அனுமதி உங்கள் சம்பவப் பதிவில் சேர்க்கப்பட்டதா? 20ஆம் ஒழுங்குவிதி இதற்குப் பொருந்துமா என்று எவர், எப்போது முடிவு செய்தார்?" பொருந்தும் என்று நீங்களே அடித்து எழுத வேண்டாம். தீங்கின் அளவை அவர்கள் குறைத்து மதிப்பிடலாம், அதில் வாதம் வரும். முடிவு செய்தார்களா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே ஆக வேண்டும். மன்னிப்புக் கேட்டால் சட்டப்படி பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சில அலுவலர்கள் தயங்குவார்கள். 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே அப்படி இல்லை என்கிறது. தயங்கினால் அதை மரியாதையாக ஞாபகப்படுத்தலாம்.

செந்தில்_குரோய்டன்:
இப்பப் புரியுது. அப்போ ஆஸ்பத்திரியில நோயாளிங்களுக்கு உதவுற பேல்ஸ் பிரிவுக்குப் போகணுமா, கம்ப்ளெயிண்ட்ஸுக்கா? எங்க ஏரியாவுல ரெண்டும் ஒரே ரூம்தான்.

யசோ:
சின்ன விஷயத்தை அன்றே தீர்க்க பேல்ஸ் நல்லது. ஒரு பொருள் தொலைந்தது, அப்பாயின்ட்மென்ட் வரவில்லை போன்றவை. இது பதிவாகி எழுத்தில் பதில் வர வேண்டிய விஷயம், ஆகவே முறைப்பாடு என்ற சொல் கடிதத்தில் இருக்க வேண்டும். ஒரே அறையாக இருந்தால் கொடுக்கும்போது "முறையான முறைப்பாடாகப் பதியுங்கள்" என்று சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். இல்லாவிட்டால் பேல்ஸ் கேள்வியாகப் பதிந்து ஒரு போன் அழைப்போடு மூடிவிடக்கூடும்.

சுதன்_ஹரோ:
ஜிபி இன்று காலை வாபரினைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வைத்தியசாலைக் கடிதம் அங்கே "வாசிக்கப்பட வேண்டியவை"யில் இருந்ததாம். கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன், பிரதியைத் தபாலிலும் போட்டேன். ஒப்புகையும் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒருவர் போனில் பேசுவாராம், விசாரணையை எப்படிச் செய்வது என்று. அந்த அழைப்பில் அம்மாவும் இருக்க வேண்டுமா? அவ போனில் அந்நியரோடு கதைக்கத் தயங்குவா.

யசோ:
கட்டாயமில்லை, சம்மதம் கொடுத்திருக்கிறா. ஆனால் இருந்தால் நல்லது. லவுஞ்சில் என்ன சொல்லப்பட்டது என்பதற்கு நேரடிச் சாட்சி அவ மட்டும்தான். இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள், அழைப்பில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று. மொழிபெயர்ப்பது நீங்களாக இருக்கக் கூடாது, நீங்கள் முறையிடுபவர்.

அழைப்பில் மூன்று விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்: எந்தெந்தக் கேள்விக்குப் பதில் தருவார்கள், எந்தத் தேதிக்குள், எந்த மொழியில். நேரில் சந்திப்பு ஒன்று வைக்கலாமா என்று கேட்பார்கள். எழுத்துப் பதில் வந்தபிறகு வைக்கலாம் என்று சொல்வது நல்லது என்பது என் கருத்து. முதலில் சந்தித்தால் வாய்வார்த்தையில் ஆறுதல் சொல்லி, பிறகு வரும் கடிதம் இரண்டு பந்தியாகக் குறைந்துவிடும்.

மருந்தாளர்_வாசுகி:
சந்திப்பு விஷயத்தில் நான் யசோவோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. வார்டு ஃபார்மசிஸ்ட் அந்தச் சந்திப்பில் இருந்தால் கடிதத்தில் வராத விபரம் வரும். டிஸ்சார்ஜ் மருந்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். சந்திப்பு எப்போது என்றாலும் அவர் வர வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கோ. அம்மாவின் இரண்டு பெட்டிப் படத்தையும் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோங்கோ.